ஒரே வாசலுக்கு இரண்டு பிளஸ் கோட்: தவறு எங்கே?

#1 கணக்கெடுப்பாளன்

வணக்கம். வீட்டு வாசல்களைப் பதிவுசெய்யும் சிறிய செயலி ஒன்றை எழுதியிருக்கிறேன். களப்பணியாளர் வாசலில் நின்று பொத்தானை அழுத்துவார். கைப்பேசி தரும் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் செயலி பிளஸ் கோடாக, அதாவது பூமியில் ஒரு சிறு கட்டத்தைக் குறிக்கும் குறியீடாக, மாற்றிச் சேமிக்கும். ஒரே குறியீடு இரண்டாம் முறை வந்தால் ‘ஏற்கெனவே பதிவானது’ என்று சொல்லிவிடும். திட்டம் இவ்வளவுதான்.

ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு பார்த்தால் ஒரே வாசல் இரண்டு குறியீடுகளில் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு வாசல்கள். யாருடைய வாசலின் குறியீட்டையும் இங்கே போட விரும்பவில்லை. ஆகவே பிளஸ் கோட் மென்பொருள் நூலகத்தின் விளக்கக் குறிப்பிலேயே மாதிரியாக வரும் புள்ளியை எடுத்து, அதே கோளாறை அங்கே உண்டாக்கிப் பார்த்தேன்.

```
47.365590, 8.524989  ->  8FVC9G8F+6X
47.365590, 8.525003  ->  8FVC9G8G+62
```

இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஒரு குறியீடு குறிக்கும் கட்டமோ பத்து மீட்டருக்கு மேல் என்று படித்திருக்கிறேன். ஒரு மீட்டர் நகர்ந்ததற்குக் கடைசி எழுத்து மாறினால் புரிந்துகொள்வேன். கூட்டல் குறிக்கு முன்னாலுள்ள எழுத்தும் சேர்ந்து மாறியது ஏன்? நூலகத்தில் பிழையா, என்னிடம் பிழையா?

#2 நுனிவிரல்

உங்களிடமும் இல்லை, நூலகத்திலும் இல்லை. கைப்பேசியின் ஜி.பி.எஸ். ஒருநாள் இங்கே காட்டும், மறுநாள் நான்கு மீட்டர் தள்ளிக் காட்டும். அதுதான் காரணம்.

தீர்வு எளிது. இந்தக் குறியீடுகள் பெரிய கட்டத்திலிருந்து சிறிய கட்டத்துக்கு இறங்கிச் செல்பவை. முதல் எழுத்துகள் எவ்வளவு ஒத்துப்போகின்றனவோ, இடங்களும் அவ்வளவு அருகில் இருக்கும். ஆகவே கடைசி இரண்டு எழுத்துகளை வெட்டிவிட்டு முதல் எட்டை மட்டும் ஒப்பிடுங்கள். வேலை முடிந்தது.

#3 கணக்கெடுப்பாளன்

நுனிவிரல், நான் கொடுத்த எடுத்துக்காட்டை மறுபடி பாருங்கள். எட்டாவது எழுத்தே மாறியிருக்கிறது. ஒன்றில் F, மற்றதில் G. முதல் எட்டை ஒப்பிட்டாலும் இரண்டும் வேறுவேறு வாசல்கள் என்றுதான் வரும்.

#4 பழைய அளவர்

நில அளவையில் முப்பது ஆண்டுகள் கழித்தவன். இந்தக் குறியீட்டைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் திரும்ப வராது. வாருங்கள், போடுவோம்.

முதலில் குறை எண்களை ஒழிக்க வேண்டும். அட்சரேகையுடன் 90, தீர்க்கரேகையுடன் 180 கூட்டுங்கள். 137.365590, 188.524989 என்று ஆகும். தென்துருவமும் 180 பாகை மேற்கும்தான் இப்போது சுழியம். எல்லா எண்ணும் அங்கிருந்து வடக்கே, கிழக்கே வளர்கிறது.

பத்து எழுத்துக் குறியீட்டில் ஒரு கட்டத்தின் பக்கம் 1/8000 பாகை, அதாவது 0.000125 பாகை. எனவே இரண்டையும் 8000-ஆல் பெருக்கிப் பின்னத்தை உதறினால் தெற்கிலிருந்து எத்தனையாவது வரிசை, மேற்கிலிருந்து எத்தனையாவது நிரல் என்பது கிடைக்கும். வரிசை 1098924. நிரல் 1508199. உலகில் உங்கள் கட்டத்தின் முகவரி உண்மையில் இந்த இரண்டு முழு எண்கள்தான். மற்றதெல்லாம் எழுதும் முறை.

எழுதும் முறையில் நாம் பழகிய பத்து இலக்கங்களுக்குப் பதில் இருபது இலக்கங்கள் உண்டு. வரிசைப்படி இவை:

```
23456789CFGHJMPQRVWX
```

2 என்றால் சுழியம், 3 என்றால் ஒன்று, இப்படியே போய் X என்றால் பத்தொன்பது. ஒன்றோடொன்று மயங்கும் எழுத்துகளும் உயிரெழுத்துகளும் இல்லாமல், எந்த மொழியிலும் தற்செயலாக ஒரு சொல் உருவாகிவிடாதபடி பார்த்துப் பொறுக்கியவை. சூரிச் நகரிலுள்ள கூகுள் அலுவலகத்தில் இதை உருவாக்கி 2014-இல் வெளியிட்டவர்கள், முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளின் சொற்களை வைத்துச் சோதித்து இந்த இருபதைத் தேர்ந்தார்கள்.

நிரல் எண்ணை இருபதால் வகுத்து மீதியை எழுதிக்கொண்டே வாருங்கள்.

```
1508199 = 20 x 75409 + 19   -> X
  75409 = 20 x  3770 +  9   -> F
   3770 = 20 x   188 + 10   -> G
    188 = 20 x     9 +  8   -> C
      9                     -> F
```

கீழிருந்து மேலாகப் படித்தால் F C G F X. வரிசை எண்ணை இதேபோல் செய்தால் 8 V 9 8 6 வரும். இரண்டையும் ஒன்றுவிட்டு ஒன்று கோத்தால் 8F VC 9G 8F 6X. எட்டாவது எழுத்துக்குப் பிறகு ஒரு கூட்டல் குறி. அவ்வளவுதான்.

இப்போது உங்கள் இரண்டாவது புள்ளிக்கு வருவோம். வரிசை அதேதான். நிரல் 1508200. முந்தையதைவிட ஒன்று கூடுதல், அதாவது அடுத்த வீட்டுக் கட்டம். ஆனால் இருபதின் கணக்கில் கடைசி இலக்கம் ஏற்கெனவே பத்தொன்பதில் நின்றது. ஒன்று கூட்டியதும் அது சுழியமாகி, இடப்பக்க இலக்கத்தில் ஒன்று ஏறியது. X போய் 2 வந்தது, F போய் G வந்தது. 199-க்கு அடுத்து 200 வரும்போது மூன்று இலக்கமும் மாறுகின்றன அல்லவா? அதற்காக 199-உம் 200-உம் தூரத்து எண்கள் என்று யாரும் சொல்வதில்லை.

இனி அளவைப் பாருங்கள். 47 பாகைக்கு அருகே இந்தக் கட்டத்தின் உயரம் 13.9 மீட்டர், அகலம் 9.4 மீட்டர். முதல் புள்ளி தன் கட்டத்தின் கிழக்கு விளிம்பிலிருந்து 0.000011 பாகை உள்ளே இருக்கிறது. அங்கே அது 0.8 மீட்டர். கைப்பேசி மூன்று நான்கு மீட்டர் தடுமாறும்போது, இந்த வாசல் பாதி நாள் இந்தப் பக்கமும் பாதி நாள் அந்தப் பக்கமும்தான் விழும். நுனிவிரல் சொன்ன காரணம் சரி. மருந்துதான் தவறு.

#5 வாசல்படி

நான் தொழில்நுட்பம் அறியாதவள். என் கேள்விக்கும் இங்கேயே இடம் உண்டு என்று நினைக்கிறேன். எங்கள் வீடு மூன்றாவது மாடியில். வரைபடத்தில் என் வீட்டை அழுத்தினால் வரும் குறியீடும் பக்கத்து வீட்டுக்காரர் அவர் வீட்டை அழுத்தினால் வரும் குறியீடும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர் எனக்கு முன்பே எடுத்துவிட்டாரோ? எனக்கென்று தனியாக ஒன்று ஒதுக்கித் தர யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்?

#6 நுனிவிரல்

யாரிடமும் இல்லை அம்மா. இதை யாரும் ஒதுக்குவதில்லை. மேலே அளவர் ஐயா போட்ட கணக்கைப் பாருங்கள், அதில் உங்கள் பெயரும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் பெயரும் இல்லை. பூமி முழுவதும் ஏற்கெனவே கட்டம் போட்டாயிற்று. கடலின் நடுவிலும் குறியீடு உண்டு. உங்கள் இருவர் வீடும் ஒரே கட்டத்துக்குள் விழுகின்றன.

#7 வாசல்படி

அப்படியானால் கீழ்த்தளத்தில் இருப்பவருக்கும் அதே குறியீடா?

#8 பழைய அளவர்

ஆம். கீழ்த்தளம், மூன்றாம் மாடி, மொட்டைமாடி, கீழே நிலத்தடியில் ஓடும் குழாய் எல்லாவற்றுக்கும் ஒரே குறியீடு. இதில் உயரம் என்ற சங்கதியே கிடையாது. நீங்கள் குறியீட்டோடு மாடியையும் கதவு எண்ணையும் எழுத வேண்டும். தபால்காரரைக் கட்டடம் வரை கொண்டுவந்து விடுவதுதான் இதன் வேலை, படி ஏறுவது அவர் பாடு.

#9 நுனிவிரல்

என் மருந்துக்கு வருகிறேன். ஒத்துக்கொள்கிறேன், இந்த ஒரு புள்ளியில் அது பலிக்கவில்லை. ஆனால் இது அபூர்வமான இடம். கட்டத்தின் ஓரத்தில் நிற்கும் வாசல்கள் எத்தனை இருக்கும்? முதல் ஆறு எழுத்துகளை ஒப்பிட்டால் இதுவும் சரியாகிவிடும். இரண்டிலும் `8FVC9G`தானே?

#10 பழைய அளவர்

அபூர்வம் இல்லை நண்பரே. கட்டத்தின் அகலம் 9.4 மீட்டர். தடுமாற்றம் 3 மீட்டர் என்று வைத்தால், விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் வராத பகுதி நடுவில் ஒரு பட்டைதான். 3.4 மீட்டர் அகலம், 7.9 மீட்டர் உயரம். மொத்தப் பரப்பில் அது ஐந்தில் ஒரு பங்குதான். மீதி ஐந்தில் நான்கில் நிற்கும் வாசல் எதுவும் என்றாவது ஒருநாள் பக்கத்துக் கட்டத்தில் விழலாம். கணக்கெடுப்பாளருக்குப் பத்துப் பன்னிரண்டுதான் அகப்பட்டன என்றால், ஒரே வாசலுக்கு இரண்டு முறை போனவர்கள் குறைவு என்று பொருள்.

ஆறு எழுத்து ஒப்பீடு வேண்டவே வேண்டாம். ஆறெழுத்துக் கட்டம் 0.05 பாகை, வடக்கு தெற்காக 5.5 கிலோமீட்டர். அதில் ஒரு சிறு நகரமே அடங்கும். எல்லா வாசலும் ஒரே வாசல் ஆகிவிடும்.

அதுவும் போதாது. நிலநடுக்கோடும் சுழியத் தீர்க்கரேகையும் சந்திக்கும் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கடலில் இருக்கிறது, யாருக்கும் மனவருத்தம் இல்லை. அந்தப் புள்ளியின் வடகிழக்கில் ஒரு கட்டம், தென்மேற்கில் ஒரு கட்டம். மூலையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை.

```
வடகிழக்கு:   6FG22222+22
தென்மேற்கு:  6CFXXXXX+XX
```

இரண்டாவது எழுத்திலேயே பிரிந்துவிட்டன. உங்கள் விதிப்படி இவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எண்ணாகப் பாருங்கள்: வரிசை 720000, 719999. நிரல் 1440000, 1439999. ஒன்றுதான் வித்தியாசம்.

முன்னெழுத்துகள் ஒத்திருந்தால் இடங்கள் அருகில் என்பது உண்மை. ஒத்திராவிட்டால் தூரம் என்பது உண்மை இல்லை. ஜியோஹாஷ் என்ற இன்னொரு இடக்குறியீட்டு முறையிலும் இதே வலை உண்டு. 2008-இல் குஸ்தாவோ நிமையர் வெளியிட்டது அது. அங்கே எழுத்துகள் முப்பத்திரண்டு, இரண்டு எண்களையும் இலக்கம் இலக்கமாக அல்லாமல் பிட் பிட்டாகக் கோப்பார்கள். அங்கும் தரவுதளத்தில் ‘இந்த எழுத்துகளில் தொடங்குபவை’ என்று தேடிவிட்டு, தெருவுக்கு எதிர்ப்புறம் இருப்பது ஏன் வரவில்லை என்று தலையைச் சொறிபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

#11 நுனிவிரல்

சரி, ஒரு வழிப் பாதைதான் என்று ஏற்கிறேன். எதிர்ப்புறம் திருப்பிப் படித்தது என் தவறு.

#12 மழைத்துளி

இழையின் கேள்விக்கு நேராக இல்லாவிட்டாலும், முன்னெழுத்துகள் என்றதும் எங்களுக்கு நேர்ந்தது நினைவுக்கு வந்தது. மீட்புப்பணித் தன்னார்வலர்கள் குழுவில் இருக்கிறேன். காலில் அடிபட்ட ஒருவரின் இருப்பிடம் குறுஞ்செய்தியில் வந்தது. முழுக் குறியீடு அல்ல, முதல் நான்கு எழுத்துகள் இல்லாத குறுங்குறியீடும் ஒரு மாவட்டப் பெயரும். எங்கள் வண்டியிலிருந்த வரைபடம் காட்டிய இடத்துக்கும் அவர் இருந்த இடத்துக்கும் இடைவெளி 111 கிலோமீட்டர். அனுப்பியவர் தவறாகத் தட்டியிருப்பார் என்று முதலில் அவரைத்தான் கடிந்துகொண்டோம். கடைசியில் அவர் அனுப்பியது எழுத்துக்கு எழுத்துச் சரி. எங்கே பிசகியது என்று எங்களுக்கு இன்றுவரை புரியவில்லை.

#13 பழைய அளவர்

111 கிலோமீட்டர் என்று சொன்னதுமே காரணம் வெளியே வந்துவிட்டது. ஒரு பாகை அட்சரேகை அவ்வளவுதான் நீளம்.

முதல் நான்கு எழுத்துகள் ஒரு பாகைக்கு ஒரு பாகை கொண்ட பெரிய கட்டத்தைக் குறிக்கின்றன. அவற்றை வெட்டினால் மிஞ்சும் `9G8F+6X` என்பது உலகில் ஒவ்வொரு பாகைக் கட்டத்திலும் ஒருமுறை வரும். எந்தக் கட்டம் என்பதை ஊர்ப்பெயர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஊர்ப்பெயர் ஒரு புள்ளி அல்லவே. வரைபடம் தன் தரவுதளத்தில் அந்தப் பெயருக்கு எழுதிவைத்திருக்கும் மையப் புள்ளியை எடுத்து, அதற்கு மிக அருகிலுள்ள `9G8F+6X` எது என்று பார்க்கும். மையப் புள்ளி உண்மையான இடத்திலிருந்து அரைப் பாகைக்குள் இருக்கும் வரை கவலை இல்லை. தாண்டினால் பக்கத்துப் பாகைக்குத் தாவும்.

அதே மாதிரிப் புள்ளியில் செய்து பார்க்கலாம். இடம் 47.3656-இல் இருக்கிறது. மையம் 47.4 என்று இருந்தால் `8FVC9G8F+6X` சரியாகத் திரும்பி வரும். மையம் 47.9 என்று ஒரு தரவுதளம் எழுதியிருந்தால் தூரம் 0.53 பாகை. இப்போது வடக்கே 48.3656-இல் இருக்கும் பிரதிதான் மையத்துக்கு அருகில். வருவது `8FWC9G8F+6X`. மூன்றாவது எழுத்து V-க்குப் பதில் W, மற்றதெல்லாம் அப்படியே.

உங்களுக்கு நடந்ததை இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தவறாகத் தட்டிய எழுத்து எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடும். மையப் புள்ளிக் கோளாறோ சரியாக ஒரு பாகை வடக்கு, தெற்கு, கிழக்கு அல்லது மேற்கில் விடும், கடைசி ஏழெட்டு இடங்கள் கச்சிதமாக ஒத்துப்போகும். கிழக்கு மேற்காகப் பிசகினால் 111 கிலோமீட்டர் வராது, 47 பாகையில் 75 கிலோமீட்டர்தான் வரும்.

சுருக்கும் பக்கத்தில் நூலகம் கவனமாகவே இருக்கிறது. மையம் 0.3 பாகைக்குள் இருந்தால்தான் நான்கு எழுத்தை வெட்ட விடும். மிச்சம் 0.2 பாகை, இரண்டு பேரின் வரைபடங்கள் மையத்தை வேறுவேறாக வைத்திருந்தால் தாங்கட்டும் என்பதற்காக. ஆனால் நூலகத்தைக் கேட்காமல் கையால் முதல் நான்கை அடித்துவிட்டு, ஊருக்குப் பதில் மாவட்டத்தின் பெயரைப் போட்டால் அந்தக் காப்பு இல்லை. மீட்புப்பணிக்கு முழுக் குறியீட்டையே கேட்டு வாங்குங்கள். நான்கு எழுத்துதானே கூடுதல்.

#14 மழைத்துளி

பழைய செய்தியை எடுத்துப் பார்த்தேன். வடக்கே, நேர் மேலே. நீங்கள் சொன்னபடியே மூன்றாவது எழுத்து ஒரு படி ஏறியிருக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

#15 பூஜ்யம்

கணக்கெடுப்பாளரே, ஒரு கேள்வி. செயலியில் அதிகாரபூர்வ நூலகத்தைப் பயன்படுத்துகிறீர்களா, நீங்களே எழுதினீர்களா? #1-இல் நீங்கள் இரண்டுக்கும் இடம் விட்டதால் கேட்கிறேன். நானும் ஒருகாலத்தில் படிப்படியாக 20, 1, 0.05, 0.0025 என்று வகுத்துக்கொண்டு போகும் கணினி நிரலை எழுதினேன். ஜி.பி.எஸ். தடுமாற்றமே இல்லாமல், அதே எண்ணைக் கொடுத்தும் தவறான கட்டம் வந்தது. காரணம் இது:

```python
>>> 0.15 / 0.05
2.9999999999999996
>>> int(0.15 / 0.05)
2
```

மூன்று வர வேண்டிய இடத்தில் இரண்டு. கணினி 0.15-ஐயும் 0.05-ஐயும் இரண்டின் அடிப்படையில் சரியாக எழுத முடியாததால் வரும் வினை. பின்னத்தை உதறும்போது ஒரு முழுக் கட்டம் போய்விடுகிறது. மூன்றாவது சோடியில் இது நடந்தால் பிழை 5 கிலோமீட்டர் வரை போகும். கோட்டின் மேலேயே விழும் எண்களில்தான் வரும் என்பதால் சோதனையில் அகப்படாமல் தப்பும். கட்டத்தின் தென்மேற்கு மூலையை எடுத்து மறுபடி குறியீடாக்கிப் பாருங்கள். அதே குறியீடு திரும்பி வராவிட்டால் இந்த நோய்தான்.

#16 கணக்கெடுப்பாளன்

மாட்டிக்கொண்டேன். நானே எழுதியதுதான். மேலே கொடுத்த இரண்டு வரிகள் நூலகத்தில் ஓட்டியவை, ஆனால் செயலிக்குள் இருப்பது என் கைவண்ணம். மூலைச் சோதனையை ஆயிரம் கட்டங்களுக்கு ஓட்டினேன். பலவற்றில் தோற்றது. அளவர் ஐயாவின் முழு எண் வழியில் மாற்றி எழுதினேன்:

```python
A = "23456789CFGHJMPQRVWX"

def code10(lat, lng):
    y = int(round((lat + 90) * 8000, 6))
    x = int(round((lng + 180) * 8000, 6))
    s = ""
    for _ in range(5):
        s = A[y % 20] + A[x % 20] + s
        y //= 20
        x //= 20
    return s[:8] + "+" + s[8:]
```

ஒரே ஒருமுறை பெருக்கல், பிறகு எல்லாம் முழு எண். மூலைச் சோதனையில் தேறிவிட்டது. இரட்டைப் பதிவுகளில் இரண்டு காணாமல் போயின. மற்றவை அப்படியே இருக்கின்றன, அவை விளிம்புக் கோளாறுதான்.

#17 பூஜ்யம்

நன்றாக இருக்கிறது. துருவத்தை மட்டும் கவனியுங்கள். அட்சரேகை சரியாக 90 என்று வந்தால் இல்லாத வரிசை ஒன்று கிடைக்கும். நூலகம் அங்கே ஒரு கட்டம் கீழே இறக்கிவிடுகிறது. தீர்க்கரேகை 180 என்றால் சுற்றிக்கொண்டு மைனஸ் 180-க்குப் போக வேண்டும். உங்கள் களப்பணியாளர்கள் அங்கே போகப்போவதில்லை என்பது தெரியும், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

#18 நுனிவிரல்

விளிம்புக் கோளாறுக்கு இன்னொரு யோசனை, இந்த முறை யோசித்துவிட்டே சொல்கிறேன். பதினோராவது எழுத்தைச் சேர்த்தால் என்ன? கட்டம் சிறிதாகும், துல்லியம் கூடும்.

#19 பழைய அளவர்

பதினோராவது எழுத்தில் முறையே மாறுகிறது. பத்து வரை சோடி சோடியாக வந்தது. பிறகு கட்டத்தை ஐந்து வரிசை, நான்கு நிரல் என்று இருபதாகப் பிரித்து, ஒரே எழுத்தில் சொல்கிறார்கள். அந்த மாதிரிப் புள்ளி கீழிருந்து நான்காவது வரிசையில், மேற்கிலிருந்து நான்காவது நிரலில் விழுகிறது. சுழியத்திலிருந்து எண்ணினால் 3 × 4 + 3 = 15, அதாவது Q. முழுக் குறியீடு `8FVC9G8F+6XQ`. நிலநடுக்கோட்டில் இந்தச் சிறு கட்டம் 2.8 மீட்டர் உயரம், 3.5 மீட்டர் அகலம். 47 பாகையில் அகலம் 2.4 மீட்டராகக் குறுகிவிடும்.

துல்லியம் கூடுவது எழுத்தில்தான், அளவீட்டில் அல்ல. கைப்பேசியின் தடுமாற்றம் கட்டத்தைவிடப் பெரிதாகிவிட்டால் ஒரே வாசலில் நின்று ஐந்து முறை அழுத்தினால் நான்கைந்து குறியீடுகள் வரும். கணக்கெடுப்பாளரின் நோயை இது பெருக்கும்.

#20 கணக்கெடுப்பாளன்

சோதித்தேன். என் சொந்த வாசலில் நின்று பத்து முறை அழுத்தினேன். பத்தெழுத்தில் இரண்டு குறியீடுகள். பதினோரு எழுத்தில் ஆறு.

அப்படியானால் குறியீட்டிலிருந்து மையத்தை எடுத்து, இரண்டு மையங்களுக்கும் இடையிலான தூரத்தைப் பார்க்கலாமா?

#21 பழைய அளவர்

அதுவும் பொய் சொல்லும். உங்கள் முதல் புள்ளியின் குறியீட்டைத் திரும்ப எண்ணாக்கினால் கட்டத்தின் மையம் 47.3655625, 8.5249375. நீங்கள் அளந்த இடத்திலிருந்து 5 மீட்டர் தள்ளி. இரண்டாவது குறியீட்டின் மையம் 8.5250625. இரண்டு மையங்களுக்கும் இடையே 9.4 மீட்டர். நீங்கள் அளந்ததோ ஒரு மீட்டர். குறியீட்டுக்குள் போய்த் திரும்பியதில் ஒன்று ஒன்பதாகிவிட்டது.

அளந்த எண்களை அப்படியே சேமியுங்கள். கைப்பேசி தரும் பிழை ஆரத்தையும் கூடவே வையுங்கள். குறியீடு மனிதர்கள் படிக்கவும் சொல்லவும் உள்ளது. தேடும்போது வரிசை எண், நிரல் எண்ணை எடுத்துச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் சேர்த்து ஒன்பதில் பாருங்கள். அகப்படும் பதிவுகளுக்கு உண்மையான தூரத்தை அளந்து முடிவுசெய்யுங்கள். எழுத்துகளோடு மல்லாட வேண்டியதில்லை, ஒன்று கூட்டினால் கிழக்கு, ஒன்று கழித்தால் மேற்கு.

ஒரு எச்சரிக்கை. அகலம் வடக்கே போகப்போகக் குறையும். 60 பாகையில் 7 மீட்டர், 80 பாகையில் 2.4 மீட்டர். அங்கெல்லாம் ஒன்பது கட்டம் போதாது, கிழக்கு மேற்காக இன்னும் சில நிரல்கள் போக வேண்டும்.

#22 பூஜ்யம்

அளவர் ஐயாவோடு இங்கே மாறுபடுகிறேன். அளந்த எண்ணைச் சேமித்தால் யார் எந்த வாசலில் நின்றார் என்பது ஏழு தசம இடம் வரை காலத்துக்கும் கோப்பில் இருக்கும். கட்டமாகச் சேமிப்பதில் ஒரு மங்கல் இருக்கிறது, அது சில வேலைகளில் நல்லது. மேலும் எண்ணும் நிலையானதல்ல. ஆஸ்திரேலியா ஆண்டுக்கு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. அதனால்தான் அந்த நாடு தன் அளவைச் சட்டகத்தை 1994-இலிருந்து 2020-க்கு மாற்றியபோது எல்லாப் புள்ளிகளும் ஏறக்குறைய 1.8 மீட்டர் தள்ளிப்போயின. வாசல் அங்கேயே இருக்கிறது, எண் நகர்ந்துவிட்டது.

#23 பழைய அளவர்

நகர்வு குறியீட்டுக்கும் சேர்த்துத்தானே வருகிறது? 1.8 மீட்டர் நகர்ந்தால் விளிம்போரத்து வாசல்கள் எல்லாம் புதுக் குறியீடு பெறும். எண்ணை அளந்த தேதியோடு வைத்திருந்தால் திருத்தலாம். குறியீட்டை மட்டும் வைத்திருந்தால் எதைத் திருத்துவீர்கள்? தனிமை பற்றிச் சொன்னது வேறு வழக்கு. அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

#24 பூஜ்யம்

அதற்கு எட்டெழுத்துக் கட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் வேலைகளும் உண்டு. 278 மீட்டர் கட்டத்தில் 1.8 மீட்டர் யாருக்கு வேண்டும்? எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தது என்கிறேன்.

#25 கணக்கெடுப்பாளன்

என் வேலைக்கு அளந்த எண்ணையே வைக்கப்போகிறேன், குறியீட்டைத் திரையில் மட்டும் காட்டுவேன். ஒன்பது கட்டத் தேடலை எழுதிவிட்டேன், 6 மீட்டருக்குள் இருந்தால் ஒரே வாசல் என்று வைத்தேன். இரட்டைகள் ஒன்றைத் தவிர எல்லாம் சேர்ந்துகொண்டன.

புதிதாக ஒரு தொல்லை. அடுத்தடுத்து ஒட்டிய வீடுகளில் வாசலுக்கு வாசல் 4 மீட்டர்தான் இடைவெளி. அவையும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. ஆரத்தைக் குறைத்தால் பழைய இரட்டைகள் திரும்பி வருகின்றன.

#26 பழைய அளவர்

அங்கே கைப்பேசி உங்களுக்கு உதவாது. பணியாளரைக் கதவு எண்ணைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

#27 வாசல்படி

இவ்வளவையும் படித்தேன், பாதி புரிந்தது. பெயர்ப்பலகை செய்யக் கொடுத்திருக்கிறேன். கட்டடத்தின் நடுவில் அழுத்தினால் ஒரு குறியீடு, தெருக்கதவில் அழுத்தினால் வேறொன்று வருகிறது. பலகையில் எதை எழுதட்டும்?

#28 மழைத்துளி

தெருக்கதவு. வண்டி அங்கேதான் வந்து நிற்கும்.

#29 நுனிவிரல்

கட்டடத்தின் நடு. கதவை மாற்றிக் கட்டுவார்கள், கட்டடம் நகராது.